பத்து நிமிசத்துக்கு எத்தனை கிழமை?

பத்து நிமிட அனிமேஷன் ஒன்றைத் தனியாளாகச் செய்யப்போறன் என்று சொன்னால், ஆக்கள் முதலில் கேட்பது "என்ன சொஃப்ட்வெயார்?" அதற்குப் பதில் சுகம். வரைவதற்குக் கிரிட்டா, அசைப்பதற்கு பிளெண்டர், இரண்டும் இலவசம். அடுத்த கேள்வி "எப்ப முடியும்?" அதற்கு நாங்கள் எல்லோரும் "ஒரு வருசத்துக்குள்ள" என்றுதான் சொல்லுவோம். அந்த ஒரு வருசம் எங்கயிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் ஒருத்தரிட்டயும் பதில் இருக்காது. நான் இங்கே எழுதப்போவது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி மட்டும்.

முதலில் என்ர நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாட்டி கீழே வருகிற எண்களுக்கு அர்த்தமிருக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரிண்டிங் கடையில் டிசைனர் வேலை. கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு அல்பம், கடைப் போர்ட், இதுதான் நாள் முழுக்க. சம்பளம் மாதம் 55,000 ரூபா. சேமிப்பு 320,000. அதில் ஒரு லட்சம் தம்பி கம்பஸ் போகும்போது கொடுக்க வேண்டியது, அதைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் 220,000. செய்ய நினைத்த கதை சின்னது: பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வருகிற பஸ்ஸில் ஒரு அம்மம்மாவும் பேரனும். அவ தான் விட்டுவந்த வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வாறா. அவ்வளவுதான். அம்மம்மாவுக்குக் குரல் கொடுக்கப்போறது என்னுடைய அம்மம்மாவே. அவவுக்கு 81 வயது.

ஆகவே எனக்கு இரண்டு கேள்விகள். 220,000க்குள் இது முடியுமா? வேலையை விட வேணுமா, வேண்டாமா?

பத்து நிமிசம் என்றால் 600 செக்கன். பெயர், நன்றி எல்லாவற்றுக்கும் 40 செக்கன் போனால் படம் 560 செக்கன். படத்தில் ஒரு செக்கனுக்கு 24 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு படம் வரையத் தேவையில்லை, ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பதுதான் பொதுவான வழக்கம். அப்படிப் பார்த்தாலும் செக்கனுக்கு 12 படம், 560 செக்கனுக்கு 6,720 படம். ஒரு படத்தைக் கோடு போட்டு, சுத்தம் செய்து, நிறம் கொடுக்க எனக்கு 15 நிமிடம் பிடிக்கும். பெருக்கினால் 1,680 மணித்தியாலம். இந்த இடத்தில்தான் நிறையப்பேர் லப்டொப்பை மூடிவிட்டுப் போய்ப் படுக்கிறவை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழையான எடுகோள் இருக்கிறது. ஒவ்வொரு செக்கனும் ஒரே விலை என்று அது நினைக்கிறது. பஸ் யன்னலுக்கு வெளியே வெளி நகர்ந்து போக, பெடியன் ஒரு தரம் கண் சிமிட்டுகிற நாலு செக்கனும், அதே பெடியன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவருகிற நாலு செக்கனும் திரையில் ஒரே நீளம். மேசையில் அப்படியில்லை.

அதனால் அட்டவணை போடுவதற்கு முதல் ஒரு சோதனை செய்தேன். கதையிலிருந்து மூன்று ஷொட், ஒவ்வொன்றும் நாலு செக்கன். மொத்தம் 12 செக்கன். போனில் ஸ்டொப்வோச்சை ஓடவிட்டு, தேத்தண்ணி குடிக்க எழும்பினால் நிறுத்தி, திரும்பி வந்து தொடங்கி, மூன்றையும் நிறம், நிழல் எல்லாம் போட்டுக் கடைசி வரைக்கும் முடித்தேன். அரைகுறையாகச் செய்து "மிச்சம் இவ்வளவு எடுக்கும்" என்று ஊகிப்பதில் பிரயோசனமில்லை. எப்போதும் நேரத்தைத் தின்பது அந்த மிச்சம்தான்.

ஷொட்களுக்கு நான் வைத்த பெயர் அசையாதது, கதைக்கிறது, ஓடுறது. அசையாதது என்றால் ஒரு படத்தின் மேல் கமரா நகருவது, பின்னணி ஓடுவது, கண் சிமிட்டுவது. நாலு செக்கனுக்கு 48 நிமிடம் பிடித்தது, அதாவது செக்கனுக்கு 12 நிமிடம். கதைக்கிறது என்றால் வெட்டித் தைத்த பொம்மை மாதிரி தலை, கை, வாய் எல்லாம் தனித்தனித் துண்டாக இருந்து அசைவது. அதற்கு செக்கனுக்கு 35 நிமிடம். ஓடுறது என்றால் முழுதாகக் கையால் வரைவது. நாலு செக்கனுக்கு 12 மணித்தியாலம், அதாவது செக்கனுக்கு மூன்று மணித்தியாலம்.

உங்கட எண்கள் வேறயாக இருக்கும். என்னுடையதை எடுத்து உங்கட அட்டவணையில் போடாதேங்கோ. சோதனையை நீங்களும் செய்தால்தான் கணக்கு உங்களுடையது.

பிறகு கதையை எடுத்து, வரிவரியாகப் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று எழுதினேன். முதல் தரம் எழுதிப் பார்த்தபோது அசையாதது 150 செக்கன், கதைக்கிறது 250, ஓடுறது 160. மணித்தியாலத்தில் 30, 146, 480. கூட்டினால் 656. ஓடுகிற ஷொட்கள் படத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட, ஆனால் வேலையில் முக்கால்வாசி.

என்னிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் அப்போதுதான் கணக்குப் பார்த்தேன். கிழமை நாளில் நாலு இரவு, தலா இரண்டு மணித்தியாலம். ஞாயிறு ஏழு. மொத்தம் 15. இதற்கு மேல் போட்டால் பேப்பரில் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்கக் கடையில் மவுஸ் பிடித்த கை இரவிலும் பேனை பிடிக்க வேணும் எல்லே. வருசத்தில் 52 கிழமை இருக்கிறது என்பதும் பொய். நல்லூர்த் திருவிழா 25 நாள், வீடு நிறைய ஆக்கள். பொங்கல், சித்திரை வருசப்பிறப்பு, கடையில் கலியாண ஓடர் குவிகிற கிழமைகள், காய்ச்சல். எட்டுக் கிழமையைக் கழித்தேன். 44 கிழமை, கிழமைக்கு 15, வருசத்துக்கு 660 மணித்தியாலம்.

அதாவது அனிமேஷன் மட்டும் ஒரு முழு வருசத்தையும் விழுங்கிவிடும். பின்னணி வரையவில்லை, குரல் பதியவில்லை, ஒலி சேர்க்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு வழி. ஒன்று, "இன்னும் வேகமாச் செய்வம்" என்று அட்டவணைக்குப் பொய் சொல்வது. மற்றது, கதையைத் திரும்ப எழுதுவது. மகோட்டோ ஷின்காய் 2002இல் வெளியிட்ட, கிட்டத்தட்ட 25 நிமிடப் படமான 'வொய்ஸஸ் ஒஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' இதற்கு நல்ல உதாரணம். வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் கணினியில், பெரும்பாலும் தனியாளாக, ஏழு மாதமளவில் செய்தது. அதைச் சொல்லி உற்சாகப்படுத்துகிற ஆக்கள் அதன் கதையைக் கவனிப்பதில்லை. விண்வெளியில் ஒரு பெட்டை, பூமியில் ஒரு பெடியன், இடையில் போன் குறுஞ்செய்தி. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று கட்டிப்பிடிக்கவோ சண்டைபிடிக்கவோ தேவையில்லை. வானம், வெறும் வகுப்பறை, போன் திரை, அதன் மேல் குரல். போர்க் காட்சிகளுக்குக் கணினி முப்பரிமாணம். தனியாள் ஒருவரால் செய்யக்கூடிய கதை அது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்த படம். ஆனால் அந்தப் படத்தில் கதையும் பட்ஜெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்கின்றன.

நானும் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, ஓடுகிற ஒவ்வொரு ஷொட்டையும் "நீ ஓடத்தான் வேணுமோ?" என்று கேட்டேன். பேரன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது 14 செக்கன் இருந்தது. இப்போது பஸ் யன்னலுக்குள்ளிருந்து பார்க்கிறோம், தூசிக்குள்ளே ஒரு சின்ன உருவம் பெரிதாகி வருகிறது, சத்தம் மட்டும் ஓடுகிறது. பிறகு அவன் படியில் கால் வைக்கிற மூன்று செக்கன் மட்டும் முழுதாக வரைந்தது. நெல்லியடிச் சந்தைக் கூட்டம் ஒரு நீளப் படமாக மாறி, கமரா அதன் மேல் நகருகிறது.

ஆகப் பெரிய லாபம் வல்லை வெளியில் கிடைத்தது. அந்த றோட்டால் போயிருந்தால் தெரியும், நெல்லியடி தாண்டினால் வீடு, மதில், மரம் எல்லாம் விட்டுப்போய், இரண்டு பக்கமும் வெறும் வெளியும் தண்ணியும்தான். வரைகிறவருக்கு அது ஒரு கோடும் இரண்டு நிறமும். முதல் கதையில் அம்மம்மா கிணற்றைப் பற்றிச் சொல்வது கோப்பாய்ப் பக்கம். அந்தப் பேச்சு முழுவதையும் வல்லை வெளிக்கு மாற்றினேன். 12 செக்கன் ஓடி, திரும்பத் தொடக்கத்தில் பொருந்துகிற ஒரேயொரு யன்னல் பின்னணி. படத்தில் ஒன்பது இடத்தில் அதுவே வருகிறது. அவ இழந்ததைப் பற்றிக் கதைக்கும்போது வெளியில் ஒன்றுமே இல்லாமல் இருப்பது கதைக்கும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதற்காகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய்.

பேரனுக்குப் பள்ளிக்கூட டை கட்டியதும் இப்படித்தான். ஹனா-பார்பெரா காலத்துக் கார்ட்டூன்களில் யோகி கரடிக்குக் கொலரும் டையும் இருப்பதற்கு ஒரு காரணம், உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் அசைத்தால் பொருத்து அதற்குள் மறைந்துவிடும். எங்கட பெடியனுக்கும் கழுத்துப் பொருத்து டைக்குள்ளே போய்விட்டது.

திருத்தி எழுதிய கணக்கு: அசையாதது 240 செக்கன், கதைக்கிறது 270, ஓடுறது 50. மணித்தியாலத்தில் 48, 158, 150. கூட்டினால் 356. முந்தியதில் கிட்டத்தட்டப் பாதி, படம் அதே 560 செக்கன்தான்.

மற்ற வேலைகளையும் இதோடு கூட்ட வேணும். கதை, ஸ்டோரிபோர்ட், அந்தப் படங்களைக் குரலோடு ஓட்டிப் பார்க்கிற அனிமேட்டிக் எல்லாம் சேர்த்து 60. பாத்திரங்களை வடிவமைத்துத் துண்டு துண்டாகப் பொருத்த 50. பின்னணி 22 படம், படத்துக்கு மூன்று மணித்தியாலம், 66. குரல் பதிந்து வெட்ட 20. மற்ற ஒலிகளுக்கு 35. எல்லாவற்றையும் சேர்த்துத் தொகுக்க 30. உபதலைப்புக்கு ஐந்து. இவை மட்டும் 266. அனிமேஷனோடு 622. அதற்கு மேல் 20 வீதம் கூட்டி, 746. கூட்டிய அந்த 20 வீதம் சோம்பலுக்கு இல்லை. கரண்ட் போகும், ஃபைல் திறக்காது, ஒரு ஷொட்டை முடித்துவிட்டுப் பார்த்தால் பக்கத்து ஷொட்டோடு ஒட்டாது. எந்தக் கிழமை வரும் என்று தெரியாது, ஆனால் வரும்.

746ஐ 15ஆல் பிரித்தால் 50 வேலைக் கிழமை. வருசத்துக்கு 44 என்பதால் நாட்காட்டியில் 59. 2025 தையில் தொடங்கினால் 2026 மாசிக் கடைசி. வாயால் சொன்ன "ஒரு வருசம்", கணக்கில் பதின்மூன்றரை மாசம்.

குரலை எப்போது பதிவது என்பது அட்டவணையில் தனியாகச் சொல்லவேண்டிய விசயம். வாய் அசைவு குரலுக்கு ஏற்பத்தான் போகும் என்பதால், அனிமேஷனில் குரல் முதலில், படம் பிறகு. ஆனால் ஸ்டோரிபோர்ட்டுக்கும் முதலே பதியவேண்டும் என்று நான் நின்றதற்குக் காரணம் அம்மம்மா. பதின்மூன்று மாச அட்டவணையில் 81 வயசுக் குரலைக் கடைசிக்கு வைக்க முடியாது. அதை அவவிடம் அப்படிச் சொல்லவில்லை. அவ தானாகவே சொன்னா: "இப்பவே பிடிச்சு வை பிள்ளை, மாரி வந்தா எனக்குத் தொண்டை கட்டிப்போடும்."

அறையில் மெத்தையைச் சுவரோடு சாய்த்து, கதவில் போர்வை கட்டி, கடன் வாங்கிய மைக்கில் இரண்டு காலமை பதிந்தோம். ஐந்து மணிக்குத் தொடங்கினால் காகம் கரையத் தொடங்குமட்டும் ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அம்மம்மா எழுதிக் கொடுத்ததை வாசிக்கவில்லை. "இப்பிடி ஆர் கதைக்கிறது?" என்று கேட்டுவிட்டுத் தன்ர பாட்டில் சொன்னா. நான் நாலு செக்கன் என்று போட்டிருந்த வசனம் ஏழு செக்கன் போனது. இடையில் ஒரு பெருமூச்சு, அதை வெட்ட எனக்கு மனமில்லை. மேலே நான் சொன்ன 270 செக்கன், அவவின் குரலை அடுக்கி அளந்த பிறகு வந்த எண். குரலில்லாமல் போட்ட அட்டவணையில் உரையாடல் எவ்வளவு நீளம் என்பது ஊகம்தான். உங்கட கதையில் நடிக்கிறவை முன்பே வரமுடியாவிட்டால், நீங்களே போனில் வாசித்துப் பதிந்து அதை வைத்து அளந்து பாருங்கோ. மனதுக்குள் வாசிப்பதைவிட வாயால் கதைக்க எப்போதும் கூட நேரம் போகும்.

இனிக் காசு. மேசை, லப்டொப், பழைய ஹெட்போன் என்னிடம் இருந்தன. மைக் கடன். வாங்கவேண்டியவை: திரையில்லாத பழைய பேனை டப்லெட் 18,000, வெளி ஹார்ட் டிஸ்க் 22,000. ஒவ்வொரு ஞாயிறும் எல்லாவற்றையும் அதில் கொப்பி பண்ணுவேன். ஒரே லப்டொப்பில் பதின்மூன்று மாச வேலையை வைத்திருக்க எனக்குத் துணிவில்லை. கொண்டக்டருக்குக் குரல் கொடுக்கிற நாடகக்கார அண்ணா ஒருவருக்கு 10,000, பதிவு நாட்களின் சாப்பாடு, போக்குவரத்து 6,000. கூடுதல் கரண்டும் டேட்டாவும் மாதம் 2,500 வீதம் 14 மாசத்துக்கு 35,000. இந்தக் கடைசியை ஆக்கள் பட்ஜெட்டில் போடுவதில்லை, வீட்டு பில்லோடு கலந்துவிடும். ஆனால் அதைக் கட்டுறது அம்மாதானே.

இசைக்கு 40,000. பத்து நிமிசத்துக்கும் இசை கேட்டால் அந்தக் காசுக்கு ஒருவரும் வரமாட்டினம், வரவும் கூடாது. நான் கேட்டது இரண்டு நிமிட மெட்டு ஒன்று, அதையே மூன்று விதமாக: முழுதாக, புல்லாங்குழல் மட்டும், மிக மெதுவாக. மிச்ச இடமெல்லாம் பஸ் சத்தம். கடைசி ஒலிக் கலவைக்கு 25,000. இதை நானே செய்யலாம், ஆனால் செய்யவில்லை. படம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் பார்க்கிறவை பொறுத்துக்கொள்வினம், போன் ஸ்பீக்கரில் குரல் விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவினம்.

நிறம் தீட்ட ஒரு ஆளைப் பிடிக்கலாமா என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஓடுகிற 50 செக்கனுக்கு 600 படம். படத்துக்கு ஐந்து நிமிடம் நிறத்துக்கே போகிறது, மொத்தம் 50 மணித்தியாலம். வரைகலை படிக்கிற ஒரு தங்கச்சிக்குப் படத்துக்கு 30 ரூபா, 18,000. ஆனால் அவ செய்ததைப் பார்த்துத் திருத்த எனக்கு 10 மணித்தியாலம் போகும். ஆக நான் வாங்குவது 40 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 450 ரூபா. கடையில் என் ஒரு மணித்தியாலத்தின் சம்பளம் அதில் பாதியளவுதான். காசுக் கணக்கில் நட்டம். ஆனாலும் எடுத்தேன். என்னிடம் குறைவாக இருப்பது இரவுகள். அந்த 40ஐ அட்டவணையிலிருந்து கழிக்கவில்லை, ஒதுக்கில் வைத்திருக்கிறேன்.

கூட்டினால் 174,000. அதில் 15 வீதம் எதிர்பாராத செலவுக்கு, 26,000. ஆக இரண்டு லட்சம். 220,000க்குள் நிற்கிறது.

வேலையை விட்டால்? கிழமைக்கு 35 மணித்தியாலம் என்று வைத்தால் 746 மணித்தியாலம் 21 கிழமையில் முடியும், ஐந்து மாசம். கரண்ட் செலவு கொஞ்சம் குறையும், மொத்தச் செலவு 177,000 அளவில் வரும். ஆனால் இழக்கிற சம்பளம் 275,000. இரண்டும் சேர்ந்தால் 452,000. தம்பியின் காசையும் சேர்த்தாலும் என்னிடம் அவ்வளவு இல்லை. கடையில் நிற்கிறேன். தனியாளின் பட்ஜெட்டில் ஆகப் பெரிய செலவு எப்போதும் அந்த ஆள்தான், ஆனால் அந்த வரியை ஒருத்தரும் எழுதுவதில்லை. வருமானம் என்ற வரியில் பூச்சியம் போட்டிருக்கிறேன். யூடியூப் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரரும் வருசத்தில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேணும். என்னுடைய சனலில் இப்ப 46 பேர், அதில் பாதி சொந்தக்காரர்.

அட்டவணை போட்டாச்சு. அது உண்மையா என்பது எப்படித் தெரியும்? நான் மணித்தியாலத்தை எண்ணுவதில்லை, முடிந்த செக்கனை எண்ணுகிறேன். முடிந்தது என்றால் நிறம் போட்டு, குரலோடு சேர்த்து, தொகுப்பில் தன் இடத்தில் உட்கார்ந்து, திரும்பத் தொடமாட்டேன் என்று இருப்பது. ஒதுக்கு நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அனிமேஷனுக்கு 28 கிழமை, கிழமைக்கு 20 செக்கன் முடிய வேணும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அசையாத ஷொட்களையே முதலில் எடுத்தால், ஒரு கிழமையில் 60 செக்கன் கூட முடிக்கலாம். ஆகா ஓகோ என்றிருக்கும். கடைசியில் ஓடுகிறவை மட்டும் மிஞ்சும்போது கிழமைக்கு ஐந்து செக்கன்தான் நகரும், அட்டவணையும் அங்கேயே படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கிழமையும் கலந்து எடுக்கிறேன்: ஓடுறது இரண்டு செக்கன், கதைக்கிறது பத்து, அசையாதது எட்டு. படத்தின் தொடக்கத்திலிருந்து வரிசையாகவும் போவதில்லை. கை மாசத்துக்கு மாசம் திருந்தும். முதல் செய்த ஷொட்கள் நடுப்பகுதியில் ஒளிந்துகொள்ளட்டும், பார்க்கிறவை முதலில் காண்கிற அரை நிமிசத்தைக் கடைசியாகச் செய்வேன்.

இதுவரை 11 கிழமை: 7, 12, 18, 23, 21, 9, 26, 22, 27, 24, 25. மொத்தம் 214, திட்டம் 220. முதல் இரண்டு கிழமை குறைந்ததற்குப் பயப்படவில்லை, பொம்மைகளின் பொருத்துகளோடு பழக நேரம் போகும். ஆறாவது கிழமையின் ஒன்பதுக்குக் காரணம் கொண்டக்டர். அவர் நெரிசலுக்குள்ளால் நடந்துவருகிற ஆறு செக்கன் ஷொட், 18 மணித்தியாலம் போட்டிருந்தேன். ஒன்பது மணித்தியாலம் போனபோது ஒன்றரைச் செக்கன்தான் முடிந்திருந்தது. ஆள் நடக்கிறார், பஸ் ஆடுகிறது, கை ஒவ்வொரு கம்பியாக மாற்றிப் பிடிக்கிறது, முன்னால் நிற்கிற ஆக்களால் பாதி மறைகிறார். ஒரே ஷொட்டில் நாலு அசைவு. போட்ட நேரத்தில் பாதி போயும் மூன்றில் ஒரு பங்குகூட முடியாவிட்டால் நிறுத்துவது என்று முதலே ஒரு விதி வைத்திருந்தேன், நிறுத்தினேன். இப்போது கமரா பேரனின் முகத்திலேயே நிற்கிறது. "டிக்கட், டிக்கட், உள்ள போங்கோ" என்ற குரல் கிட்ட வருகிறது, பிறகு ஒரு கை, சில்லறை, டிக்கட். மூன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. அந்த அண்ணாவுக்குக் கொடுத்த 10,000 அங்கேதான் வேலை செய்தது.

இதோடு ஓடுறது மொத்தம் 44 செக்கனாகக் குறைந்தது. 19 முடிந்தது, 25 மிச்சம், 75 மணித்தியாலம். ஸ்டோரிபோர்ட்டில் மூன்று இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், சேர்த்து 42 செக்கன். நாலு கிழமை தொடர்ந்து 14 செக்கனுக்குக் கீழே போனால் முதலில் வெட்டுவது அவற்றை. நெல்லியடிச் சந்தை அதில் ஒன்று, சொல்ல மனவருத்தம்தான். கிணற்றுப் பேச்சில் வட்டம் இல்லை.

அம்மம்மா அடிக்கடி வந்து தன்ர முகத்தைப் பார்க்கிறா. மூக்கு பெரிசாப் போச்சாம். பொம்மையின் துண்டில் மூக்கை மாற்றினால் அந்தப் பொம்மை வருகிற ஷொட் எல்லாவற்றிலும் தானாக மாறிவிடும், 20 நிமிட வேலை. கையால் வரைந்தவற்றில் ஒவ்வொன்றாக மாற்ற வேணும். அவ கையால் வரைந்த ஷொட்டில் வருவது ஒரே ஒருக்கால், பஸ்ஸை விட்டு இறங்கும்போது. அதை இன்னும் தொடங்கவில்லை. மூக்கைக் குறைத்தாச்சு.

அடுத்த கிழமை நல்லூர்க் கொடியேற்றம். என் எக்ஸல் ஷீட்டில் அதற்குப் பிறகு வருகிற நாலு வரிசையும் சாம்பல் நிறம், செக்கன் பூச்சியம் என்று முதலே எழுதியிருக்கு.